மகசூல் பொய்த்த பிறகு கடன் கொடுத்தவருக்கு எழுதும் கடிதம்

"பூக்கும் நேரத்தில் பிடித்த மழையில் இந்தப் பருவத்து விளைச்சலில் பாதிக்கு மேல் போய்விட்டது. நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய தவணைக்கடன், இந்தப் பருவத்துக்கு வாங்கிய பயிர்க்கடன் இரண்டுக்கும் இன்னும் 2 மாதத்தில் பணம் கட்ட வேண்டும். என்னால் முடியாது. தவணையை மாற்றித் தரும்படி வங்கிக்கு எப்படி எழுதுவது, சரியாக என்ன கேட்பது?"

இந்த வாரமே எழுதிவிடுங்கள். கெடு நாளுக்கு 2 மாதம் இருப்பதுதான் இப்போது உங்களிடம் உள்ள பெரிய பலம். பல நாடுகளின் வங்கி விதிகளில், கட்ட வேண்டிய பணம் 90 நாளுக்கு மேல் நின்றுவிட்டால் அது வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடுகிறது. பயிர்க்கடனுக்குச் சில இடங்களில் வேறு கணக்கு உண்டு, ஆனாலும் போக்கு ஒன்றுதான். அந்தப் பட்டியலில் ஏறிய கடனுக்கு வங்கி தன் லாபத்திலிருந்து பணம் ஒதுக்கிவைக்க வேண்டும். உங்களை நேரில் அறிந்த கிளை மேலாளரிடமிருந்து கோப்பு வசூல் பிரிவுக்கு நகரும். கெடுவுக்கு முன்னால் வரும் கடிதத்தை, கடனைக் காப்பாற்றிக்கொள்ள உதவும் யோசனையாகவே மேலாளர் படிப்பார். கெடு தாண்டி வரும் அதே கடிதம் ஒரு சாக்காகத்தான் அவர் கண்ணில் படும்.

நான் கடன் பிரிவில் இருந்து இத்தகைய விண்ணப்பங்களைப் படித்துப் பரிந்துரை எழுதியவன். நல்ல விவசாயிகள் பலரின் கடிதங்கள் நிராகரிக்கப்பட்டதற்குக் காரணம் அவர்களுடைய நிலைமை மோசமாக இருந்ததல்ல. கடிதத்தில் துயரம் இருந்தது, கணக்கு இல்லை. "இயற்கை கைவிட்டுவிட்டது, சிறிது அவகாசம் தாருங்கள்" என்று எழுதினால் படிப்பவர் மனம் இளகத்தான் செய்யும். ஆனால் இளகிய மனத்தை அவர் மேலதிகாரிக்கு அனுப்ப முடியாது. அவருக்கு மேலே ஒருவர் கையெழுத்திட வேண்டும், அவருக்கும் மேலே தணிக்கை இருக்கிறது. அவர் தன் பரிந்துரைக் குறிப்பில் அப்படியே எடுத்து எழுதக்கூடிய வரிகளை நீங்கள் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

அந்தக் குறிப்பு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இந்தக் குடும்பத்துக்குப் பணம் இந்த ஒரு முறை வரவில்லையா, இனி வருவதே சந்தேகமா? முதலாவது என்றால் தவணையை மாற்றித் தருவது வங்கிக்கே நல்லது. இரண்டாவது என்றால் கால அவகாசம் வட்டியைத்தான் வளர்க்கும், உங்களுக்கும் கேடு. எனவே கடிதத்தில் கை வைக்கும் முன் கணக்கில் கை வையுங்கள். ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். எல்லாத் தொகையும் ஆயிரங்களில், நாணயம் உங்களுடையது.

ஒரு விவசாயிக்குத் தவணைக்கடனில் 600 பாக்கி. ஆண்டுக்கு 150 அசல் வீதம் இன்னும் 4 தவணை இருக்கிறது, வட்டி 10 சதவீதம். பயிர்க்கடன் 300, அதற்கும் ஆண்டுக்கு 10 சதவீதம். அப்படியானால் வரும் கெடுவில் அவர் கட்ட வேண்டியது தவணைக்கடனுக்கு அசல் 150, வட்டி 60; பயிர்க்கடனுக்கு அசல் 300, வட்டி 30. ஆக மொத்தம் 540.

கடந்த 5 ஆண்டுகளில் அவருடைய மகசூல் 37, 34, 38, 35, 36 டன். சராசரி 36. டன்னுக்கு 30 என்றால் வழக்கமான விற்பனை 1,080. இந்த ஆண்டு கிடைத்தது 14 டன், அதாவது 420. கடனில் சேராத பழைய வண்டி ஒன்றை விற்று 80 தேற்றியிருக்கிறார். கையில் 500. அடுத்த அறுவடை வரை குடும்பம் நடக்க 270 வேண்டும். வழக்கமாக 300 ஆவதை அவர்கள் கூடிப் பேசிக் குறைத்திருக்கிறார்கள். அடுத்த சாகுபடிக்கு மொத்தச் செலவு 420. அதில் 300 பயிர்க்கடனாக வரும், 120 சொந்தக் கையிலிருந்து போட வேண்டும். 500-இல் இந்த 270-ஐயும் 120-ஐயும் கழித்தால் மீதி 110.

கட்ட வேண்டியது 540, கையில் 110. இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் நிலைகுலைந்துபோகிறார்கள். ஆனால் அந்த 110-ஐ இன்னொரு முறை பாருங்கள். இரண்டு கடனுக்குமான வட்டி 60-உம் 30-உம் சேர்ந்து 90. வட்டி முழுவதையும் கெடு நாளிலேயே கட்டிவிட்டு 20 மிச்சமும் வைக்க முடிகிறது. அசலுக்குத்தான் காலம் தேவைப்படுகிறது. "என்னால் கட்ட முடியவில்லை" என்பதற்கும் "வட்டி முழுவதையும் உரிய நாளில் கட்டுகிறேன், அசலை மட்டும் மாற்றி அமைக்க வேண்டும்" என்பதற்கும் வங்கியின் பார்வையில் மிகப் பெரிய தூரம் இருக்கிறது. வட்டியில் ஒரு பகுதியையாவது கட்ட வழி இருந்தால் அதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

அடுத்து, எத்தனை ஆண்டு கேட்பது? மனம் சொல்லும் எண்ணைக் கேட்காதீர்கள். கணக்கு சொல்லட்டும். தவணைக்கடன் 600, பயிர்க்கடன் அசல் 300 இரண்டையும் சேர்த்து 900-க்கு ஒரே தவணைக்கடனாக மாற்றக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான ஆண்டில் விற்பனை 1,080. சாகுபடிக்கு 420, குடும்பத்துக்கு 270 போக, கடன் கட்டக் கிடைப்பது 390.

5 ஆண்டு என்றால் முதல் ஆண்டில் அசல் 180, அதன் வட்டி 90, புதிய பயிர்க்கடனின் வட்டி 30, ஆக 300. 390 இருக்கும்போது 300 கட்டலாம், 1.3 மடங்கு வருகிறது. ஆனால் விற்பனை 10 சதவீதம் குறைந்தால் மிஞ்சுவது 282-தான். முதல் ஆண்டிலேயே தவணை தவறும். 6 ஆண்டு என்றால் அசல் 150, ஆக மொத்தம் 270. 10 சதவீதம் சரிந்தாலும் 282-இல் கட்டிவிடலாம். வழக்கமான ஆண்டில் 1.44 மடங்கு. கடன் அலுவலர்கள் பொதுவாக 1.2, 1.25 மடங்குக்குக் குறையாமல் எதிர்பார்ப்பார்கள், எனவே இது தேறும்.

அப்படியானால் 8 ஆண்டு கேட்டால் இன்னும் இலகுவாக இருக்காதா? இருக்கும். ஆனால் 900-க்கு 6 ஆண்டில் கட்டும் மொத்த வட்டி 315, 8 ஆண்டில் 405. அந்த 90 உங்கள் பிள்ளைகளின் பணம். அதோடு, தேவைக்கு மேல் காலம் கேட்பவர் தன் வருமானத்தையே நம்பவில்லையோ என்ற ஐயமும் எழும். ஒரு சுமாரான ஆண்டைத் தாங்கும் அளவுக்கு நீளமாகவும் அதற்கு மேல் நீளாமலும் இருப்பதே சரியான காலம்.

இப்போது பலரும் கேட்க மறந்துவிடும் ஒன்று: அடுத்த பருவத்துக்கான புதிய பயிர்க்கடன். பழைய கடனை மாற்றி வாங்கிவிட்டு விதைக்கும் உரத்துக்கும் பணமில்லாமல் நின்றால், மீட்சித் திட்டம் காகிதத்தில்தான் இருக்கும். வெளியே கூடுதல் வட்டிக்கு வாங்க நேரும், அந்த வட்டி வங்கித் தவணையை விழுங்கும். ஆகவே இரண்டையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். இதனால் வங்கிக்கு உங்களிடமுள்ள மொத்தக் கடன் 900-இலிருந்து 1,200 ஆக உயரும். அதை மறைக்காமல் நீங்களே சொல்லி, நிலத்தின் மதிப்பு எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். படிப்பவர் எப்படியும் கூட்டிப் பார்ப்பார்.

இந்தக் கணக்கைக் கொண்டு கடிதம் இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: தவணைக்கடன், பயிர்க்கடன் இரண்டையும் மாற்றி அமைக்கவும் வரும் பருவத்துக்குப் பயிர்க்கடன் வழங்கவும் வேண்டுகோள்.

என் தவணைக்கடனில் 600-உம் பயிர்க்கடனில் 300-உம் அசல் நிலுவையாக உள்ளன. வரும் கெடுவில் வட்டியுடன் 540 செலுத்த வேண்டும். இரு கடன்களின் வட்டியான 90-ஐ அந்த நாளில் முழுமையாகச் செலுத்துகிறேன். அசலை 6 ஆண்டுகளில், அறுவடைக்குப் பிந்தைய மாதத்தில், ஆண்டுக்கு 150 வீதம் செலுத்த அனுமதி கோருகிறேன். வரும் பருவத்துக்கு வழக்கம்போல் 300 பயிர்க்கடனும் வேண்டுகிறேன். இதனால் மொத்தக் கடன் 1,200 ஆகும். அடமான நிலத்தின் தற்போதைய மதிப்பீடு 2,000.

இந்தப் பருவத்தில் பூக்கும் காலத்தில் 16 நாள் விடாமல் மழை பெய்தது. மழையளவு நிலையத்தின் பதிவை இணைத்துள்ளேன். கடந்த 5 ஆண்டுகளில் 34 முதல் 38 டன் வரை விளைந்த நிலத்தில் இம்முறை 14 டன் கிடைத்தது. விற்பனைச் சீட்டுகள் இணைப்பில் உள்ளன. முழு நிலத்திலும் ஒரே வாரத்தில் விதைத்ததால் எல்லாச் செடிகளும் ஒரே நேரத்தில் பூத்து மழையில் சிக்கின. தாழ்வான பகுதியில் தண்ணீர் வடியவில்லை.

வரும் பருவத்தில் 3 வார இடைவெளியில் இரண்டு கட்டமாக விதைக்கிறேன். தாழ்வான பகுதியில் வடிகால் வெட்டும் வேலையை எங்கள் உழைப்பிலேயே தொடங்கிவிட்டோம். குடும்பச் செலவை 300-இலிருந்து 270 ஆகக் குறைத்துள்ளோம். அடமானத்தில் சேராத வண்டியை விற்ற 80-ஐயும் மேற்கண்ட கணக்கில் சேர்த்துள்ளேன்.

சராசரி மகசூலில் கடன் கட்ட எனக்கு 390 கிடைக்கும். முதல் ஆண்டு கட்ட வேண்டியது 270. மீதி 120-ஐ உங்கள் வங்கியிலேயே தனிச் சேமிப்பாக வைப்பேன். விற்பனை 10 சதவீதம் குறைந்தாலும் தவணையை முழுமையாகக் கட்ட இயலும். 20 சதவீதம் குறைந்தால் 174 கிடைக்கும். வட்டி முழுவதையும் அசலில் 54-ஐயும் கட்ட முடியும். இரண்டாம் ஆண்டு முதல் அந்தக் குறையைச் சேமிப்பு ஈடுசெய்யும். முதல் ஆண்டில் அந்தக் காப்பு இல்லை. அதற்காகப் பயிர்க் காப்பீட்டு இழப்பீடு வந்தால் அதை உங்கள் வங்கியில் வைப்பாக வைத்து, முதல் தவணை முடிந்த பின் அசலில் வரவு வைக்க ஒப்புக்கொள்கிறேன். இழப்பீட்டுத் தொகை எதையும் மேற்கண்ட கணக்கில் சேர்க்கவில்லை.

கொள்முதல் செய்பவர் விற்பனைப் பணத்தை நேரடியாக என் கடன் கணக்குள்ள கிளைக்கே அனுப்ப எழுத்து மூலம் சம்மதித்துள்ளார். வேறு எவரிடமும் எனக்குக் கடன் இல்லை. நிலத்தையும் கணக்குகளையும் எந்த நாளிலும் வந்து பார்வையிடலாம். கெடு நாளுக்கு முன் எழுத்து மூலம் பதில் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து, கடன் கணக்கு எண்கள், தேதி)"

ஒரு பக்கத்துக்குச் சற்று மேல் வரும், அதற்கு மேல் வேண்டாம். இதில் சில வரிகளை ஏன் இப்படி எழுதினேன் என்று சொல்ல வேண்டும்.

காரணம் சொல்லும் பத்தியில் மழையோடு நிறுத்தாமல், ஒரே வாரத்தில் விதைத்ததையும் வடிகால் இல்லாததையும் சேர்த்திருக்கிறேன். பலர் இதைச் சொல்லத் தயங்குவார்கள், தம் மேல் பழி வருமோ என்று. உண்மையில் இதுதான் அலுவலருக்கு நம்பிக்கை தருகிறது. மழை மட்டுமே காரணம் என்றால் அடுத்த ஆண்டும் மழை பெய்யுமே என்று அவர் நினைப்பார். மழை எந்த வழியாக உங்களைத் தாக்கியது என்று சொன்னால்தான் அந்த வழியை எப்படி அடைக்கிறீர்கள் என்று சொல்ல முடியும். உங்கள் இழப்பு பூச்சியாலோ விலைச் சரிவாலோ வந்திருந்தால் இந்தப் பத்தி முற்றிலும் மாறும். விலைச் சரிவு என்றால் விளைச்சல் பதிவு உங்களுக்குத் துணைவராது. விலை ஏன் மீளும் என்பதற்கோ, மீளாவிட்டாலும் எப்படிச் சமாளிப்பீர்கள் என்பதற்கோ பதில் வேண்டும். பழைய சராசரி விலையைப் போட்டு எல்லாம் சரியாகிவிடும் என்று காட்டுவது அங்கே எடுபடாது.

20 சதவீதம் குறைந்தால் முதல் தவணை முழுதாக வராது என்பதை நீங்களே எழுதுவது வலிக்கலாம். எழுதுங்கள். எல்லா ஆண்டும் அமோகமாக விளையும் என்று காட்டும் திட்டத்தை வங்கியில் யாரும் நம்புவதில்லை. இந்தத் திட்டம் எந்த இடத்தில் உடையும், உடைந்தால் என்ன செய்வேன் என்று சொல்பவரை நம்புவார்கள். இழப்பீட்டை வரவில் சேர்க்காமல் முதல் ஆண்டுக்குக் காப்பாக நிறுத்தியதும் அதற்காகத்தான். அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது உங்கள் கையில் இல்லை. அதை நம்பித் தவணையை அமைத்தால் அது தாமதமாகும்போது தவணையும் தவறும்.

"வேறு எவரிடமும் கடன் இல்லை" என்ற வரி உண்மையாக இருந்தால் மட்டுமே எழுதுங்கள். உறவினரிடமோ உரக்கடையிலோ தனியாரிடமோ பாக்கி இருந்தால் தொகையோடு குறிப்பிட்டு, அதைக் கட்டும் பணத்தையும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். மறைத்த கடன் பின்னால் தெரியவந்தால், அதன் தொகை சிறியதாக இருந்தாலும், மற்ற எல்லா எண்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அதேபோல, வங்கியில் அடமானமாக உள்ள இயந்திரத்தையோ கால்நடையையோ அனுமதியில்லாமல் விற்று அந்தப் பணத்தை வரவாகக் காட்டிவிடாதீர்கள். அது ஒப்பந்தத்தை மீறுவதாகும். நல்லெண்ணத்தில் செய்தேன் என்று சொல்லி அதைச் சரிசெய்ய முடியாது.

இணைப்புகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 5 ஆண்டு விற்பனைச் சீட்டுகள். இந்த ஆண்டின் இழப்பைக் காட்டும் புகைப்படங்களை எல்லோரும் கொண்டுவருகிறார்கள். ஆனால் இழப்பு நடந்தது என்பதை வங்கி எளிதாக ஏற்கும். நல்ல ஆண்டுகளில் இவ்வளவு வந்தது என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும், ஏனென்றால் திரும்பக் கட்டப்போவது அந்த வருமானம்தான். சீட்டுகள் தொலைந்திருந்தால் வங்கிக் கணக்கில் வரவான தேதிகளைக் கோடிட்டுக் காட்டுங்கள், அல்லது கொள்முதல் செய்தவரிடம் அவருடைய ஏட்டின்படி ஒரு பட்டியல் வாங்குங்கள். மழைப் பதிவு, காப்பீட்டுக் கோரிக்கையின் நகல், பயிர் இழப்பைப் பார்வையிட்ட அலுவலரின் சான்று ஆகியவை அதற்கு அடுத்தபடி.

உங்கள் கடனுக்கு ஜாமீன் போட்டவர் இருந்தால், கடிதம் போகும் முன் அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். தவணைக் காலம் மாறும்போது அவருடைய பொறுப்பும் நீள்கிறது. அதனால் வங்கி அவருடைய சம்மதக் கையெழுத்தைக் கேட்கும். முதல் செய்தியை அவர் வங்கியிடமிருந்து கேட்டால் மனம் கசந்து மறுக்கக்கூடும். எல்லாம் முடிந்த கோப்பு அந்த ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். மேலாளர் "பார்த்துக்கொள்ளலாம்" என்று வாய்மொழியாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, அதைக் குறிப்பிட்டு அன்றே ஒரு சிறு கடிதம் அனுப்புங்கள். பதில் வராமல் கெடு நாள் வந்தால், மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், சொன்னபடி வட்டி 90-ஐ அன்றே கட்டுங்கள். கட்டும்போது அது வட்டிக்கான தொகை என்று சீட்டில் எழுதுங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது சொன்ன சொல்லைக் காப்பாற்றிய ஒருவரின் கோப்பை மறுத்து எழுதுவது எந்த அலுவலருக்கும் எளிதல்ல.

வங்கி மறுத்தாலோ குறைத்துத் தந்தாலோ எந்த எண் உதைக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் புதிய 300-இல்தான் தயக்கம் இருக்கும். அப்போது அதை ஒரே தவணையில் கேட்காமல், விதைப்புக்கு ஒரு பகுதியும் பயிர் நின்றதை அலுவலர் பார்வையிட்ட பின் மீதியுமாக வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கலாம். காலத்தை 5 ஆண்டாகக் குறைத்தால் மட்டும் உடனே தலையாட்டிவிடாதீர்கள். 10 சதவீதச் சரிவில் 282 வரும், 300 கட்ட வேண்டும் என்ற கணக்கை அவர் முன் வையுங்கள். முதல் ஆண்டுக்கு மட்டும் அசலைக் குறைத்து, பின் ஆண்டுகளில் கூட்டிக் கட்டும்படி கேட்கலாம்.

ஒப்புதல் வந்ததும் புதிய ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படியுங்கள். பார்க்க வேண்டியவை நான்கு: வட்டி விகிதம் சத்தமில்லாமல் கூடியிருக்கிறதா, இதுவரை போட்ட அபராத வட்டி அசலில் சேர்க்கப்பட்டிருக்கிறதா, முன்கூட்டியே கட்டினால் கட்டணம் உண்டா, கடன் தகவல் நிறுவனத்துக்கு இது எப்படித் தெரிவிக்கப்படும். மாற்றி அமைத்த கடன் என்ற குறிப்பு சில ஆண்டுகள் உங்கள் கடன் வரலாற்றில் நிற்கக்கூடும், அந்தக் காலத்தில் வேறு பெரிய கடன் கிடைப்பது கடினமாகலாம். இயந்திரமோ வீடோ வாங்கும் எண்ணம் இருந்தால் அதைத் தள்ளிவையுங்கள். பின்பு தவணைத் தேதி உங்கள் அறுவடைக்குப் பிந்தைய மாதத்தில்தான் விழுகிறதா என்று கடைசிப் பக்கத்து அட்டவணையைப் பாருங்கள். பழைய ஒப்பந்தத்தின் தேதியே அதில் அப்படியே நகலாகி வந்துவிடுவது உண்டு. அறுவடைக்கு 2 மாதம் முன்பு தவணை விழுந்தால் மேலே போட்ட கணக்கு எதுவும் செல்லாது. கையெழுத்துக்கு முன்னால் திருத்தச் சொன்னால் சில நிமிட வேலை, அதன் பிறகென்றால் இன்னொரு விண்ணப்பம்.